பால்வீதியும் தோளில் ஒரு கம்பும்

கார்த்திகை பிறந்தால் எனக்குப் பயம் தொடங்கிவிடும். தன்னாமுனைக்கும் ஏறாவூருக்கும் நடுவில், பிரதான வீதியோரத்தில் எங்கள் பிரிண்டிங் கடை. கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ், பிறந்தநாள் பெனர், நினைவஞ்சலி, எல்லாம் அடிப்போம். பிளெக்ஸ் மெசின் என் கணவருடைய பொறுப்பு. கொம்பியூட்டர் என் பொறுப்பு. மற்றப் பதினொரு மாதமும் நான் வாய்க்காரி. எழுத்துப் பிழையோடு வருகிறவரை நிற்க வைத்துப் பேசுவேன். கார்த்திகையில் மட்டும் பூனைக்குட்டி.

எங்கள் பக்கத்தில் அது சண்டையில் செத்தவர்களை நினைக்கிற மாதம். யார் யாரை நினைக்கலாம், எப்படி நினைக்கலாம் என்பதில்தான் சிக்கல். கடைக்குள் பொலிஸ்காரர் யாராவது சிவில் உடுப்பில் வந்து, என்ன அடிக்கிறீர்கள் என்று சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். வேறொன்றும் செய்யமாட்டார்கள். அந்த எட்டிப் பார்ப்பே எனக்குப் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. சிவப்பும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், இயக்கக் கொடி என்பார்கள் என்று நிறத்தை மாற்றிவிடுவேன், கேட்பவர் அம்மன் கோயில் ஐயராக இருந்தாலும். பெனரின் கீழ் மூலையில் கடைப் பெயரையும் போன் நம்பரையும் சின்னதாகப் போடுவது எங்கள் வழக்கம். கார்த்திகையில் அதையும் போடமாட்டேன். என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். நான் தைரியசாலி என்று யாரிடமும் சொன்னதில்லை.

போன கார்த்திகையில் வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும், உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். அவருடைய அப்பா மாட்டுப்பட்டி வைத்திருந்தவர். வட்டையில், வயல்வெளியில், விதைப்புத் தொடங்கினால் மாடுகளை அங்கே வைத்திருக்க முடியாது. மேற்கே மலையடிவாரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், வெள்ளாமை வெட்டி முடியும்வரை அங்கேயே ஒரு வாடிக் குடிசையில் படுத்துக் கிடப்பார்கள். அதற்கு முந்தின வருடம் அங்கேதான் யானை அடித்து அவர் போய்விட்டார். இப்போது முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. வீட்டுச் சந்தியில் கட்ட ஆறு அடியில் ஒரு பெனர் வேண்டும்.

படம் கேட்டேன். அடையாள அட்டையை நீட்டினார். அதிலிருந்தவர் யாரோ அதட்டியதுபோல் முழித்துக்கொண்டிருந்தார். வேறு படமே இல்லையாம். கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற நேரம் அவர் மாட்டோடு நிற்பாராம். அந்த முழிப்பை ஆறு அடிக்குப் பெருப்பிக்க எனக்கே மனம் வரவில்லை.

“அம்மா இந்தப் படத்த வேணாம் எண்டுறா அக்கா. இது அவர் இல்லையாம். எனக்கு அப்பா எண்டா ஞாபகம் வாறது வேற. ராவையில பட்டிக்குப் பக்கத்தில மேட்டில ஏறி நிப்பார். தோளில கம்பு. சத்தமே இரிக்காது. மேல பார்த்தா வானம் முழுக்கப் பால் ஊத்தின மாதிரிக் கிடக்கும்.”

ஒருதரம் போனில் படம் பிடிக்கப் பார்த்தாராம். வெறும் கறுப்புத்தான் விழுந்ததாம்.

அது பால்வீதி. எங்கள் கடை வாசலிலிருந்து பார்த்தால் வீதி லைட்டும் வாகன லைட்டும் தவிர ஒன்றும் தெரியாது. அங்கே மலையடிவாரத்தில், நிலவில்லாத இரவில், கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு நின்றால் தெரியும். அந்தப் படத்தை நான் செய்து தருகிறேன் என்றேன். பெருமையோடுதான் சொன்னேன். ஒரு வருடமாக நான் கொம்பியூட்டரைக் கொண்டு படம் வரைவித்துக் கொண்டிருந்தேன். நமக்கு என்ன படம் வேண்டும் என்று சொற்களில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் புரொம்ட் என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் அதற்கு நன்றாக விளங்கும். எழுதி ஒரு தட்டுத் தட்டினால் அரை நிமிடத்தில் நாலு படம் தரும். கல்யாண அல்பத்துக்குப் பின்னணி, பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கு மயில், எல்லாம் அப்படித்தான் செய்தேன்.

ஆளின் முகம் தெரியக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தேன். முகம் போட்டால் அது யாரோ ஒருவருடைய முகமாகத்தான் வரும். பின்னால் வானம் வெளிச்சமாக, முன்னால் ஆள் வெறும் கறுப்பு உருவமாக நின்றால், பார்க்கிற பிள்ளை தன் அப்பாவை அதில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். இது என் தொழில் தந்திரம். அதைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார், கண் கலங்கியிருந்தது.

முதல் முறை எழுதினேன்: பால்வீதி தெரியும் இரவு வானம், அமைதியான மலைச்சரிவு, முன்னால் கறுப்பு உருவமாக ஒரு மனிதர். வந்த நாலும் வெளிநாடு. பைன் மரம், பனிமலை, முதுகில் பையோடும் தலையில் தொப்பியோடும் ஒரு வெள்ளைக்காரன். வானம் கத்தரிப்பூ நிறம். நாம் சொல்லாததையெல்லாம் அது தான் அதிகம் பார்த்த படங்களிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். இரண்டாம் முறை, பற்றைக்காடு, வெப்பநாட்டு மலை, இடுப்பில் சாரம் கட்டிய வயதான மாட்டுக்காரர் என்று விளக்கமாக எழுதினேன். மலை சரியாக வந்தது. ஆனால் ஒரு படத்தில் முழு நிலவும் பால்வீதியும் ஒன்றாக. முழு நிலவு நிற்கிற வானத்தில் ஏது பால்வீதி. இன்னொன்றில் மனிதருடைய நெஞ்சுக்குள்ளே நட்சத்திரம் மின்னிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை தோளில் நீளமான கம்பு என்று சேர்த்து, இன்னும் சில சொற்களையும் போட்டு, கரண்ட் போய்விடப் போகிறதே என்ற அவசரத்தில் தட்டினேன்.

வந்த நாலில் மூன்றாவது படம் நினைத்தபடியே இருந்தது. சரிவு, அதன் மேல் சாரத்தோடு ஒரு மெலிந்த உருவம், தோளில் குறுக்காக ஒரு கோடு, அதற்கு மேலே வானத்தைக் கிழித்துக்கொண்டு போகிற வெள்ளைப் பாதை. அவருடைய போனுக்கு அனுப்பினேன். பிறகு குரல் பதிவு ஒன்று வந்தது. “அப்பாதான் அக்கா,” என்று மட்டும் இருந்தது.

கொம்பியூட்டர் தருகிற படம் சின்னது. ஆறு அடிக்கு அடிக்க வேண்டுமானால் இன்னொரு புரோகிராமில் போட்டுப் பெருப்பிக்க வேண்டும். அந்தப் புரோகிராம் சும்மா இழுத்துப் பெரிதாக்காது. மங்கலாக இருக்கிற இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து, தானே புதிதாக வரைந்து கூர்மையாக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் பெருப்பித்த படத்தை நான் திறந்து பார்க்கவில்லை. மழை வேறு அடித்துக்கொண்டிருந்தது, மகளை டியூசனிலிருந்து கூட்டிவர வேண்டும். என் கணவர் அடித்து, மை காய்ந்ததும் சுருட்டிக் கொடுத்துவிட்டார். சுருளின் வெளிப்பக்கம் வெறும் வெள்ளை.

மறுநாள் மாலையில் சந்தியில் கட்டினார்கள். அதற்கு அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு எனக்குப் போன் வந்தது. பெனர் வாங்கிய மகனுடைய மனைவி. அந்தப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை.

“அக்கா, பொலிஸ் வந்து பெனரக் கழட்டிக்கொண்டு போயிட்டாங்க. அவரையும் விசாரிக்கோணும் எண்டு கூட்டிக்கொண்டு போயிட்டாங்க. படத்தில அப்பா துவக்கு வெச்சிரிக்காராம். ஆர் அடிச்ச எண்டு கேட்டாங்க. அவர் சொல்லல்ல.”

கதிரையில் உட்கார்ந்து பெரிய படத்தைத் திறந்தேன். தோள்பட்டைப் பக்கமாகப் பெருப்பித்துப் பார்த்தேன். மாதாவே. போன் திரையில் வெறும் கோடாக இருந்த கம்பு, பின்பக்கம் தடித்துப் போயிருந்தது. முன்பக்கம் மெலிந்து நேராகப் போனது. நடுவில், கீழ்ப்பக்கமாக, வளைந்த ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளை பார்த்தாலும் சொல்லும் அது துப்பாக்கி என்று. கார்த்திகை மாதத்தில், சந்தியில், ஆறு அடியில், மலைமேல் துவக்கோடு ஒரு கறுப்பு உருவம். கீழே நினைவஞ்சலி என்று வேறு நான்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன்.

நான் கம்பு என்றுதானே எழுதினேன், இது எங்கிருந்து வந்தது? எழுதிய புரொம்ட்டெல்லாம் அந்தத் தளத்தில் தேதி வாரியாக இருக்கும். எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் முறை நான் எழுதியதன் கடைசி வரி இப்படி இருந்தது: துப்பாக்கி இல்லை, சிப்பாய் இல்லை, சீருடை இல்லை.

நானேதான் எழுதியிருக்கிறேன். கம்பு என்று எழுதினவுடனே எனக்குள் ஒரு பயம் வந்திருக்கிறது, யாராவது பிழையாக நினைத்துவிடுவார்களோ என்று. அதைத் தடுக்கத்தான் அந்த வரி. ஆனால் அந்த இயந்திரத்துக்கு இல்லை என்ற சொல் சரியாக விளங்காது. துப்பாக்கி இல்லை என்று எழுதினால் அதன் கண்ணில் படுவது துப்பாக்கி. வேண்டாததை எழுத அங்கே வேறொரு பெட்டி இருக்கிறது, அதில் எழுதினால்தான் விலக்கும். இது எனக்குத் தெரியாததும் இல்லை. ஒருமுறை கல்யாணப் பின்னணிக்கு ஆட்கள் இல்லாத மண்டபம் என்று எழுதி, மண்டபம் நிறைய ஆட்கள் வந்து, நானும் மகளும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். பயம் வந்தால் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்று சொல்வது சும்மா இல்லை. அந்தச் செத்த மனிதருடைய தோளில் துவக்கை வைத்தது வேறு யாரும் இல்லை, என் பயம்தான்.

என் கணவர் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் வாசித்தார். அவர் சிரிக்கவில்லை. அழி என்றார். படத்தையும் அழி, எழுதினதையும் அழி, பெனரில் நம் நம்பர் இல்லை, அந்தப் பொடியனும் சொல்லவில்லை, நமக்கு இதில் ஒன்றும் தெரியாது. பொம்பிளைப் பிள்ளையை வைத்திருக்கிறோம் என்பதை இரண்டு தரம் சொன்னார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் தெருவிலேயே, நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், ஒரு சின்ன விசாரணை என்று கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராத இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவருடைய தாய் சாகும்வரை இரவில் கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை. அந்தக் காலம் போய்விட்டது என்கிறார்கள். போய்விட்டதுதான். ஆனால் விசாரணை என்ற சொல்லைக் கேட்டதும் என் உடம்புக்கு அது போனது தெரிவதில்லை. மவுசில் கையை வைத்தபடி இருந்தேன். அழி என்ற பொத்தான் அங்கேயே நின்றது. அழித்துவிட்டால் அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. அந்த மகனுடைய போனில் இருக்கிற படம் மட்டும்தான் மிஞ்சும். அதை அவர் எங்கே எடுத்தார், அதில் நிற்பது யார், எந்த மலை என்று கேட்டால் அந்த மனிதர் என்ன சொல்வார்?

அழிக்காவிட்டால் துப்பாக்கி என்ற சொல் என் கணக்கில், என் கையால் எழுதியதாக இருக்கும்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. பத்தரைக்கு அந்தப் பிள்ளை மறுபடி எடுத்தாள். என்னைக் கூப்பிடத்தான் எடுக்கிறாள், என்னை வரச் சொல்லி அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. மெதுவாகப் பேசினாள்.

“அக்கா, அவரப் பார்க்க விட்டாங்க. உங்களுட்டச் சொல்லச் சொன்னவர், பயப்பட வேணாமாம். கடையப் பத்தி அவர் கதைக்க மாட்டாராம். நீங்க நல்லதுக்குத்தானே செஞ்ச எண்டு சொன்னவர்.”

வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மீது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உள்ளே இருக்கிறவன் வெளியே இருக்கிற எனக்குத் தைரியம் சொல்லி அனுப்புகிறான். நான் ஒரு மணித்தியாலமாக அழிப்பதா வேண்டாமா என்று மவுசைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. லப்டொப்பை மூடிப் பையில் வைத்தேன். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கடையின் முன்கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்தார். பாலத்தைக் கடக்கும்போது வாவிக் காற்று முகத்தில் அடித்தது. எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

பொலிஸ் நிலையத்து நடையில் பெனரை விரித்துப் போட்டிருந்தார்கள். போகிற வருகிற பொலிஸ்காரர்கள் அதை மிதிக்காமல் சுவர் ஓரமாக நடந்தார்கள். வானம் எங்கள் பக்கம் இருந்தது, மனிதருடைய கால் அலுவலக அறைப் பக்கம். நான் செய்ததில் அழகான படம் அதுதான் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வந்தது, சனியன். வாங்குப் பலகையில் செத்தவருடைய மகன் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், ஏன் வந்தீர்கள் என்பதுபோல் தலையை இல்லை என்று அசைத்தார்.

அதிகாரி சிங்களவர். ஒரு தமிழ்க் கொன்ஸ்டபிள் இடையில் நின்று மொழிபெயர்த்தார். படத்தைச் செய்தது நான் என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்காத மாதிரி வந்தது, இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்தது. இது போட்டோ இல்லை, கொம்பியூட்டர் வரைந்தது, இதில் நிற்கிற மனிதர் எங்கும் இல்லை, இந்த மலை இல்லை, இந்த வானமும் இல்லை என்றேன். லப்டொப்பைத் திறந்து, கணவருடைய போனிலிருந்து இன்டர்நெட் எடுத்து, நான் எழுதியதைக் காட்டினேன். அதிகாரிக்கு ஆங்கிலம் தெரியும். கொன்ஸ்டபிளை விலகச் சொல்லிவிட்டுத் தானே வாசித்தார். விரலைத் திரையில் வைத்துச் சொல் சொல்லாகப் போனார். மலை, சாரம், மாட்டுக்காரர், கம்பு. விரல் கடைசி வரியில் வந்து நின்றது.

அதை அழிக்காமல் கொண்டு வந்தது பிழை என்றே அந்த நிமிடம் நினைத்தேன். வீட்டில் மகள் தனியே இருப்பாள், யார் சோறு போடுவது என்று என்னென்னவோ ஓடியது. பிறகு, கேட்காமலே, இங்கேயே செய்து காட்டுகிறேன் சேர் என்றேன். அதே வாசகத்தை மறுபடி கொடுத்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு படம் வந்தது. ஒன்றில் கம்பு. ஒன்றில் தலையில் இரும்புத் தொப்பி. இரண்டில் தெளிவாகத் துவக்கு. பின்னால் நின்ற பொலிஸ்காரர் இருவர் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது கடைசி வரியை எடுத்துவிட்டு மறுபடி கொடுக்க வேண்டும். அதில்தான் எனக்கு உயிர் போனது. ஒரே சொல்லைக் கொடுத்தாலும் அது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு படம் தரும். வரியை எடுத்த பிறகும் துவக்கு வந்தால்? நான் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும், அந்த மனிதரையும் நானே மாட்டிவிட்டதாக முடியும். என் கணவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வட்டம் சுற்றியது. அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கி, பாதியில் அடுத்த சொல் வரவில்லை.

வந்த நாலில் மூன்றில் கம்பு. நாலாவதில் வெறும் கை. ஒன்றிலும் துவக்கு இல்லை.

அதிகாரி கதிரையில் சாய்ந்தார். இரண்டு வரிசையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கோபமாக இல்லை, உண்மையிலேயே விளங்காதவர் மாதிரித்தான் ஒரு கேள்வி கேட்டார். கொன்ஸ்டபிள் அதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“மாட்டுக்காரர வரையச் சொல்லுறவங்க எதுக்குத் துவக்க நினைச்ச எண்டு கேக்கார்.”

“பயத்தில சேர்.”

யாரைக் கண்டு பயம் என்று அடுத்ததாகக் கேட்டார். உங்களைக் கண்டுதான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“இது கார்த்திகை மாசம் சேர்,” என்றேன்.

கொன்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். நரைக்கத் தொடங்கிய மீசை. அவர் ஊர் எது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் சொன்னது அவருக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. பிறகு சிங்களத்தில் சொன்னார். நான் சொன்ன நாலு சொல்லைவிட அது நிறைய நீளமாக இருந்தது. என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதிகாரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு லப்டொப்பைத் தானே மூடினார்.

வாக்குமூலம் எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள். கூப்பிட்டால் வர வேண்டும் என்றார்கள். பெனரைத் தரமாட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு மகனைப் போகச் சொன்னார்கள். வாசலுக்கு வந்ததும் நான் மதில் ஓரமாகக் குந்திவிட்டேன். அவர்தான் ஓடிப்போய் எனக்குச் சோடா வாங்கி வந்தார். பாருங்கள் கூத்தை, பிடிபட்டது அவர், மயங்கியது நான்.

திவசம் மறுநாள். வேறு பெனர் அடித்துத் தருகிறேன் என்றேன். இந்தமுறை கம்பு இல்லாமல் செய்வோமா என்று கேட்டேன். அவர் யோசித்தார்.

“கம்பு இல்லாட்டிக் கை சும்மா தொங்கும். மறுகா அதையும் என்னவோ எண்டுவாங்க. ஆள் வேணாம் அக்கா. மலையும் வானமும் போதும்.”

நான் வற்புறுத்தியிருக்கலாம். கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிற மாதிரிச் செய்யலாம், பக்கத்தில் மாடு ஒன்று படுத்திருக்கிற மாதிரிச் செய்யலாம், எத்தனையோ வழி இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்றதும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. கடைக்கு வந்து பால்வீதி என்றும் மலைச்சரிவு என்றும் எழுதினேன். மனிதர் இல்லை என்று எழுதவில்லை. மனிதர் என்ற சொல்லையே தொடவில்லை. முதல் தடவையிலேயே சரியாக வந்தது. பெருப்பித்து, மூலைக்கு மூலை பார்த்து, கடை நம்பர் போடாமல் அடித்தோம்.

மறுநாள் நானும் என் கணவருமே கொண்டுபோனோம். சந்தியில் கட்டவில்லை, வீட்டு முற்றத்துக்குள் இரண்டு கமுக மரத்துக்கிடையில் கட்டினார்கள். படையலுக்கு முன்னால் அவருடைய அம்மாவைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தார்கள். முதல் பெனரை அவர் பார்த்திருந்தாராம், சந்திக்குப் போய்ச் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டும் வந்தாராம். இதை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கிட்டப் போய், கறுப்பாக இருந்த சரிவின் மீது உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனார்.

“மனே, அப்பா எங்க?”

மகன் என்னைப் பார்க்கவில்லை.

“அதுக்குள்ளதான் நிக்கார் அம்மா,” என்றார். “இருட்டில தெரியல்ல.”